முயல் படம் போட்டது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

உப்புவெளியில் உல்லாசப் பயணிகள் வந்துபோகும் இரண்டு கடைகளுக்கு நான் தேங்காய் எண்ணெயில் செய்த லிப் பாம் கொடுக்கிறேன். வீட்டுச் சமையலறையில் தொடங்கிய சின்னத் தொழில்தான். அதைப் பற்றிப் பேசவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு முயல்.

லேபிள் அடிக்கக் கொடுத்திருந்தேன். வாங்கிவந்து பிரித்துப் பார்த்தால், என் கடைப் பெயருக்குக் கீழே, நான் கேட்காமலே, தாவுகிற ஒரு முயல் படம். பக்கத்தில் ‘குரூல்டி ஃப்ரீ’ என்று இரண்டு சொல், விலங்குகளில் சோதித்துக் கொடுமை செய்யவில்லை என்ற அர்த்தத்தில். வடிவமைத்த தம்பியிடம் கேட்டேன். “இப்ப எல்லாரும் முயல் போடுறாங்க அக்கா, வடிவா இருக்குமெண்டு போட்டன்” என்றார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படமாம். நானும் சும்மா விட்டுவிட்டேன். முயலில் சோதித்து நான் லிப் பாம் செய்யவில்லையே, பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு வெளிநாட்டுப் பெண் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் கொடுத்த முயல் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும்? எனக்கு அழைப்பு எடுத்தார். எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முயல்களில் மூன்று வகை உண்டு. முதலாவது என்னுடையதைப் போன்றது, யாரும் கொடுக்காத முயல். இரண்டாவது பீட்டா என்ற விலங்கு உரிமை அமைப்பின் பட்டியலில் இருக்கும் நிறுவனங்கள் போடுவது. அதற்கு நிறுவனம் ஒரு கேள்விக்கொத்தை நிரப்பி, நாங்களோ எங்கள் மூலப்பொருள் வழங்குநர்களோ விலங்குகளில் சோதிப்பதில்லை, இனியும் மாட்டோம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுக்கிறது. வெளியார் யாரும் வந்து கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாவது ‘லீப்பிங் பன்னி’, நட்சத்திரங்களோடு தாவும் முயல். 1996 இல் அமெரிக்காவில் எட்டு விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து ஆரம்பித்தவை இதன் விதிகள்.

இந்த மூன்றாவது முயலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்ற வசனத்தை எப்படியும் வளைக்கலாம். செய்து முடித்த லிப் பாமைச் சோதிக்கவில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நிறமியைச் சோதித்தார்கள் என்றாலும் அந்த வசனம் உண்மைதான். நாங்கள் சோதிக்கவில்லை, எங்களுக்கு விற்றவர் சோதித்தார் என்றாலும் உண்மைதான். அமெரிக்காவில் அந்த வசனத்துக்குச் சட்டப்படி வரையறையே இல்லை என்று அவர்களுடைய உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது.

ஆகவே லீப்பிங் பன்னி ஒரு திகதி கேட்கிறது. நிறுவனம் ஒரு நாளைக் குறிக்கவேண்டும். அந்த நாளுக்குப் பிறகு தானும், தனக்காக வேலை செய்யும் ஆய்வுகூடமும், மூலப்பொருள் தருபவரும், அதை உற்பத்தி செய்தவரும் அந்தப் பொருளை விலங்கில் சோதித்திருக்கக் கூடாது. அந்தத் திகதியைப் பிறகு மாற்ற முடியாது. பழைய காலத்துச் சோதனைகளை அது அழிப்பதில்லை. இன்று பாவனையில் இருக்கும் மூலப்பொருள்கள் அநேகமானவை எப்போதோ ஒரு காலத்தில் சோதிக்கப்பட்டவைதான். அந்த நாளுக்குப் பிறகு புதிதாக ஒரு சோதனையும் இல்லை என்பதே உறுதி. ஒவ்வொரு வழங்குநரிடமிருந்தும் எழுத்தில் வாங்கவேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும், வெளியார் தணிக்கைக்குக் கோப்பைத் திறந்து வைக்கவேண்டும்.

சரி, என் லிப் பாமுக்கு இதைச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய் பிரச்சினை இல்லை, ஆலைக்காரரைத் தெரியும். தேன்மெழுகு கொழும்பில் ஒரு வியாபாரியிடம் வாங்குகிறேன். சிவப்பு நிறமியும் அவரிடம்தான். உற்பத்தி செய்த நிறுவனம் எது என்று கேட்டேன். பெரிய கொள்கலனில் வரும், நாங்கள் அரைக்கிலோ பொதியாகப் பிரித்துக் கட்டுகிறோம், மேலே ஒட்டியிருந்த தாளை யார் வைத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். என் முயல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. உற்பத்தியாளர் பெயரே தெரியாதபோது அவர் எந்த நாளுக்குப் பிறகு சோதிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்கு முத்திரைக் கட்டணத்தைவிட இந்தத் தாள்தான் பெரிய தடை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நம்முடைய கடைகளில் இருக்கும் அழகுசாதனப் பொருள்களில் இந்தியாவிலிருந்து வருபவை நிறைய. இந்தியா 2014 இலேயே அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே தயாரான ஒரு கிறீமின் மேல் ‘குரூல்டி ஃப்ரீ’ என்று பெரிதாகப் போட்டால், எல்லாருக்கும் சட்டம் விதித்ததையே தன் பெருமையாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கட்டாயமாக்கியதைத் தனிச் சிறப்பாக விளம்பரம் செய்யக் கூடாது என்றே விதி இருக்கிறது. அங்கே முழுத் தடை 2013 மார்ச் 11 முதல்.

அதற்காக ஐரோப்பாவில் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்கவேண்டாம். அங்கே இரசாயனப் பொருள்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, தொழிற்சாலையில் அந்தப் பொருளைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக அது சோதனை கேட்கலாம். அழகுசாதனங்களில் மட்டும் பாவிக்கும், வெயில் கிறீமில் சேரும் இரண்டு பொருள்களுக்கு அப்படிச் சோதனை கேட்டபோது சிம்ரைஸ் என்ற நிறுவனம் நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் தோற்றது. சட்டம் ஒரு கதவை மூடியது, பக்கத்துச் சட்டம் இன்னொன்றைத் திறந்து வைத்திருந்தது.

இனி வீகன். இங்கே நமக்கு ஒரு தடுமாற்றம் வரும், நம்மிடம் ‘சைவம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சைவக் கடையில் தயிர் உண்டு, மோர் உண்டு, நெய் உண்டு. தேன் கோயிலில் அபிஷேகத்துக்கே போகிறது. வீகன் என்றால் இவை ஒன்றும் கிடையாது. இந்தியப் பொருள்களில் இருக்கும் பச்சைப் புள்ளியை வீகன் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சைவத்துக்கான புள்ளி, பாற்கட்டிக்கும் அதே பச்சைதான்.

என் லிப் பாமில் நூறு கிராமுக்கு இருபத்தைந்து கிராம் தேன்மெழுகு. அது சேராமல் முடியாது. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடும், திருகோணமலை வெயிலுக்கு டப்பாவைத் திறந்தால் ரசம்போல் ஓடும். மெழுகுதான் அதைப் பிடித்து வைக்கிறது. முயல் போட்ட என் டப்பா, அந்த முயல் உண்மையாகவே இருந்தாலும், வீகன் இல்லை. முயல் சோதனையைப் பற்றிப் பேசுகிறது, வீகன் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் வேறு.

பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் தேன்மெழுகு ‘சேரா ஆல்பா’ என்று இருக்கும். சிவப்பு உதட்டுச் சாயத்தில் ‘சி.ஐ. 75470’ என்ற இலக்கம் இருந்தால் அது கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. ‘சி.ஐ. 77491’ என்றால் இரும்பு ஒட்சைட்டு, பூச்சி இல்லை. இவை பெயரிலேயே பிடிபடும். கிளிசரினோ ஸ்டீரிக் அமிலமோ அப்படி அல்ல. மாட்டுக்கொழுப்பிலிருந்து வந்தாலும் பாம் எண்ணெயிலிருந்து வந்தாலும் லேபிளில் பெயர் ஒன்றே. ஸ்குவாலேன் சுறா ஈரலிலிருந்தும் வரும், ஒலிவ் எண்ணெயிலிருந்தும் வரும். எவ்வளவு கண்ணாடி போட்டுப் படித்தாலும் தெரியாது.

அதனால் வீகன் என்று அச்சடித்த சொல்லுக்கும் முத்திரைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பிரித்தானிய வீகன் சங்கம் 1990 முதல் ஒரு வணிகக் குறி கொடுக்கிறது, சூரியகாந்திப் பூ வைத்த வீகன் எழுத்து. அதை நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பொருளாகப் பதிவு செய்யவேண்டும். இந்தக் கிளிசரின் எதிலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். நிறுவனமே விலங்குச் சோதனை செய்தாலோ செய்வித்தாலோ பதிவு கிடையாது. வெறும் ‘வீகன்’ என்ற சொல்லுக்கு இந்த இரண்டும் இல்லை.

லேபிள்களில் போடும் இன்னொரு சொல் ‘கிளீன்’, கெடுதியான பொருள் ஒன்றும் இல்லாத சுத்தமானது என்ற அர்த்தத்தில். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, அதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கடையும் தனக்குப் பிடிக்காத பொருள்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அதில் இல்லாதது கிளீன். இயற்கை, ஓர்கானிக் என்பவற்றுக்குக் கொஸ்மொஸ் போன்ற தரநிலைகள் இருக்கின்றன, கழுவாமல் பூசி விடும் பொருளில் மொத்த எடையில் குறைந்தது 20 வீதம் ஓர்கானிக் இருந்தால்தான் ஓர்கானிக் என்ற கொஸ்மொஸ் குறியே கிடைக்கும் என்பதுபோல எண்ணிப் பார்க்கக்கூடிய விதிகள் அங்கே உண்டு. கிளீனுக்கு அப்படி எண்ண ஒன்றும் இல்லை.

நானும் ‘பராபென் இல்லை’ என்று போட்டிருந்தேன். பராபென் தண்ணீர் சேர்ந்த கிறீமில் கிருமி வளராமல் இருக்கப் போடுவது. என் டப்பாவில் எண்ணெயும் மெழுகும்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தேவையே இல்லாததைப் போடவில்லை என்று பெருமை பேசியிருக்கிறேன்! அதைவிட மோசம், இரசாயனம் இல்லாத வாசனை என்று கறுவா எண்ணெய் விட்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அக்கா உதடு தடித்துச் சிவந்து வந்து நின்றார். கறுவா எண்ணெயில் இருக்கும் சினமால் ஒவ்வாமை தரக்கூடியது என்று பழைய மருத்துவப் பட்டியல்களிலேயே உண்டு. அந்த லிப் பாம் எந்தக் கிளீன் பட்டியலிலும் தாராளமாக நுழைந்திருக்கும்.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒன்று. முத்திரையைக் கண்டால் அந்த முத்திரை கொடுத்தவரின் இணையப் பட்டியலில் கம்பனிப் பெயரைத் தேடுங்கள், கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. லீப்பிங் பன்னியிலும் வீகன் சங்கத்திலும் தேடும் வசதி இருக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் அந்த முயல் என்னுடைய முயல் மாதிரித்தான். நம்முடைய நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது. முறையிட 1977 என்ற இலக்கம் உண்டு.

முயல் போட்ட லேபிள்கள் அறுநூறு மிச்சம் இருந்தன. அவற்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம், அதில் ‘தேன்மெழுகு சேர்ந்தது, வீகன் அல்ல’ என்று எழுதினோம். விற்பனை குறையும் என்று பயந்தேன், பெரிதாகக் குறையவில்லை. இப்போது கண்டெலில்லா மெழுகில் ஒரு வீகன் லிப் பாம் செய்து பார்க்கிறேன். அது ஒரு மெக்சிக்கோச் செடியின் மெழுகு, தேன்மெழுகைவிடக் கடினம், ஏறத்தாழப் பாதி அளவு போதும். இருபத்தைந்துக்குப் பதில் பதின்மூன்று கிராம் போட்டேன். கூட்டினால் உதட்டில் பொருபொருவென்று உடைகிறது. மெழுகு தந்தவரும் நிறமி தந்தவரும் கடிதம் அனுப்பிவிட்டார்கள். விற்றமின் ஈ எண்ணெய்க்குத்தான் இன்னும் பதில் இல்லை. மருந்துக்கடைக் கப்சூலைக் குத்தி ஊற்றலாம் என்று ஒரு தோழி சொன்னார், அந்தக் கப்சூலின் கூடு ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. கடிதம் வரும்வரை அந்த டப்பாவில் வீகன் என்ற சொல் இல்லை. வடிவமைக்கும் தம்பியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த முறை படம் ஒன்றும் வேண்டாம் என்று.

வணக்கம்.