பதிவோடு ஒட்டியிருக்கும் நாட்டுப் பட்டியல்

கேள்வி: அண்ணா, எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு மறைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குக் காட்டுகிறது. அதே இணைப்பை சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன், அவனுக்கு நன்றாகத் திறக்கிறது. சட்டப்படி தப்பு என்றால் மொத்தமாக அழித்திருக்க வேண்டாமா?

அழிக்கவே இல்லை, அதுதான் விஷயம். அந்தப் பதிவு சர்வரில் அப்படியே இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறு குறிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. இதோ பாருங்கள், இதில் IN என்பது இந்தியா:

```
"withheld_in_countries": ["IN"]
```

யாராவது பதிவைத் திறக்கும்போது, அவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று தளம் பார்க்கும். அந்த நாடு இந்தப் பட்டியலில் இருந்தால் பதிவுக்குப் பதிலாக "withheld in IN in response to a legal demand" என்ற வரியைக் காட்டும். இல்லையென்றால் பதிவைக் காட்டும். உங்கள் தம்பிக்குத் தெரிந்தது அதனால்தான். எழுதியவரே நீக்கியிருந்தாலோ, தளத்தின் விதியை மீறியதென்று தூக்கியிருந்தாலோ தம்பிக்கும் தெரிந்திருக்காது.

இந்த வசதியை 2012 ஜனவரியில், இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர் அறிவித்தது. முதல்முதலாகப் பயன்பட்டது அதே ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியில். ஹனோவர் நகரில் ஒரு நவ நாஜிக் குழு இருந்தது. அந்த மாநில அரசு அதைத் தடை செய்தது. உடனே காவல்துறை ட்விட்டருக்குக் கடிதம் எழுதி, அந்தக் குழுவின் கணக்கை மூடச் சொன்னது. கவனியுங்கள், கேட்டது மூடச் சொல்லி. ட்விட்டர் செய்தது ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு மட்டும் மறைத்தது. தடை செய்யப்பட்ட அமைப்புக்காகப் பிரசாரம் செய்வது ஜெர்மனியில் குற்றம். ட்விட்டர் இருக்கும் அமெரிக்காவிலோ அந்தக் குழு எழுதுகிற வெறுப்புப் பேச்சு பெரும்பாலும் குற்றமே இல்லை. ஜெர்மன் போலீஸின் கடிதத்துக்கு ஜெர்மனியில்தான் பலம். அந்த எல்லைக்குள் கட்டுப்பட்டு, வெளியே விட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் இது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69A பிரிவின் கீழ் வருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு பதிவுகளை முடக்கச் சொல்லலாம். 2009-இல் வந்த விதிகளில் 16-ஆவது விதி, இந்தக் கோரிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்களுக்கு 'சட்டக் கோரிக்கை' என்ற ஒரு வரி மட்டும் தெரிந்து, யார் கேட்டார், எதற்காக என்று தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனக்கு இதில்தான் உறுத்தல். மறைப்பதைவிட, ஏன் மறைத்தார்கள் என்பதை மறைப்பது. இப்படிப்பட்ட உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜூனில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, 50 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

சரி, ஒரு நாடு 'உலகம் முழுக்க எடு' என்று கேட்டால்? ஆஸ்திரேலியா கேட்டுப் பார்த்தது. 2024 ஏப்ரலில் சிட்னியில் ஒரு ஆயரைத் தேவாலயத்துக்குள்ளேயே ஒருவர் கத்தியால் குத்தினார், அந்த வீடியோ பரவியது. இணையப் பாதுகாப்பு ஆணையர் நீக்கச் சொன்னார். எக்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் மறைத்தது. வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன் போட்டால் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்தே பார்க்கலாமே, அப்புறம் அது என்ன நீக்கம் என்பது ஆணையர் தரப்பு வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும், உலகம் முழுக்க மறைக்கச் சொல்லி ஏப்ரலில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடையை நீட்டிக்க மே மாதம் நீதிபதி கென்னட் மறுத்தார். ஆஸ்திரேலியச் சட்டம் மற்ற நாட்டு மக்கள் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பதாக ஆகிவிடும் என்பது அவர் பார்வை. ஜூனில் ஆணையர் அந்த வழக்கைக் கைவிட்டார். எல்லா நீதிமன்றமும் இப்படிச் சொல்லாது. கனடா உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு வணிக வழக்கில், சில தளங்களை உலகம் முழுக்கத் தேடல் முடிவிலிருந்து எடுக்க கூகுளுக்கு உத்தரவிட்டதைச் சரி என்றது.

இன்னொன்று. நீங்கள் எந்த நாடு என்பதைத் தளம் முக்கியமாக ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறது, பாஸ்போர்ட்டைப் பார்த்து அல்ல. இந்திய சிம்மோடு சிங்கப்பூர் போய் ரோமிங்கில் இருந்தால், இணையப் போக்குவரத்து பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் வழியாகவே சுற்றிப் போகும். அப்போது அங்கே நின்றும் பதிவு மறைந்தே தெரியலாம். அதே போனில் ஓட்டல் வைஃபையைப் போட்டால் திறக்கக்கூடும். அடுத்த முறை தம்பியிடம் கேட்கும்போது, அவர் எந்த சிம்மில் பார்த்தார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.