மூன்று இழை, பதினாறு வெட்டு: கோலப் படவரிசை போடுவது எப்படி

(மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியதை எழுத்தில் சொல்லியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். உட்கார்ந்திருக்கிற அக்காக்கள், மாமிகள் கை வைத்தால் நான் கோலத்தில் நிற்க முடியாது, அது எனக்கே தெரியும். நான் பேசப்போவது இன்ஸ்டாவில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, முதல் படத்தில் புள்ளி, அடுத்ததில் 1 என்று ஒரு கோடு, அப்புறம் 2, 3, கடைசியில் முழுக் கோலம், அந்தப் படவரிசையைப் பற்றி மட்டும்தான். மார்கழி வந்தால் எல்லார் போனிலும் அதுதான். ஆனால் அதைப் பார்த்துத் தரையில் போட உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடுகிறது. ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: எண்ணைத் தப்பான இடத்தில் போடுகிறோம்.

ஒரு சின்னச் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி, 1-3-5-3-1, மொத்தம் 13 புள்ளி. முதல் படத்திலேயே இதை முழுசாக எழுதுங்கள். வெறும் “5 புள்ளி” என்று போட்டால் பாதிப் பேர் ஊடுபுள்ளியாக 3-4-5-4-3 வைத்துவிடுவார்கள், அதில் 19 புள்ளி வரும், அதன்மேல் இந்தக் கோடு எப்படி உட்காரும்?

இப்போது பெரும்பாலான படவரிசையில் என்ன செய்கிறார்கள் என்றால், நாலு ஓரத்திலும் நாலு சுழி போட்டு நாலுக்கும் “1” என்று எழுதுவார்கள். அடுத்த படத்தில் நாலு சாய்வுக் கோடு, எல்லாம் “2”. வரைகிறவர்களுக்கு அது சுலபம், ஒரு துண்டை வரைந்து நாலு பக்கமும் திருப்பி ஒட்டினால் வேலை முடிந்தது, போன் திரையில் ஒட்டு தெரியவே தெரியாது. தரையில் பொடி விடுகிறவள் என்ன செய்வாள்? ஒவ்வொரு துண்டுக்கும் கையை எடுத்து மறுபடி வைக்க வேண்டும், எடுத்த இடத்தில் இழை மெலியும், வைத்த இடத்தில் பொடி குவியும். கடைசிப் படத்தில் வழவழவென்று ஓடுகிற இழை நம் வாசலில் மட்டும் முடிச்சு முடிச்சாக நிற்பதற்கு, உங்கள் கை காரணமில்லை.

சரி, இழை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது. இந்தக் கோலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நட்டநடுவில் இரண்டு இழை ஒன்றை ஒன்று வெட்டும், வெட்டும் இடத்தில் வளையாமல் நேராகத் தாண்டும். எதிரில் அடுத்த புள்ளி இல்லாத ஓரத்தில் மட்டும் இருக்கிற புள்ளியைச் சுற்றித் திரும்பும். அவ்வளவுதான் சட்டம். இதை வைத்து விரலால் ஓட்டிப் பார்த்தால் நம் 13 புள்ளியில் மூன்று இழை வருகிறது.

முதல் இழை, இரண்டாம் வரிசையின் வலது புள்ளி, நடுப்புள்ளி, நாலாம் வரிசையின் இடது புள்ளி, சாய்வாக நிற்கிற இந்த மூன்றையும் சேர்த்து ஒரு நீளக் காய் மாதிரி சுற்றி மூடுகிறது. இரண்டாவது அதே உருவம், எதிர்ச்சாய்வில். இரண்டும் நடுப்புள்ளியைச் சுற்றி நாலு இடத்தில் வெட்டிக்கொள்ளும்.

மூன்றாவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். உச்சிப் புள்ளிக்குக் கீழிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்குங்கள். இரண்டாம் வரிசையின் நடுப்புள்ளிக்கும் வலது புள்ளிக்கும் இடையே புகுந்து, அந்த வலது புள்ளியை மேலே விட்டு, நடு வரிசையின் நாலாம் புள்ளிக்கும் ஐந்தாம் புள்ளிக்கும் நடுவில் வருகிறோம். இங்கே நிற்காமல் ஐந்தாம் புள்ளிக்கு அடிப்பக்கமாகப் போய், வெளியே சுற்றி, மேல்வழியாகத் திரும்பி, வந்த கோட்டையே வெட்டிக்கொண்டு இடது கீழ்ப்பக்கம் இறங்க வேண்டும். அதே மாதிரி கீழ்முனை, இடதுமுனை, கடைசியில் உச்சி, தொடங்கிய இடத்தில் மூடும். படத்தில் இந்த முனைச் சுழியில் ஒரு அம்புக்குறி போடாவிட்டால் பாதிப் பேர் மேல்பக்கமாகவே சுற்றிவிடுவார்கள், வெட்டு விழாது.

தப்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். முழுக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அறையில் இருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு புள்ளி இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வெட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மொத்த வெட்டு 16: நடுவில் 4, மூன்றாம் இழை மற்ற இரண்டோடும் சேர்ந்து 8, முனைச் சுழியில் 4. படத்தைப் போடுமுன் இதை எண்ணிவிடுங்கள்.

ஆக எண் 1, 2, 3 என்றால் மூன்று இழை, கை எடுக்காமல் மூன்று தடவை. புள்ளி ஒரு படம், இழை மூன்று படம், முடிந்த கோலம் ஒரு படம், ஐந்து போதும். புது இழை பளிச்சென்று, பழையது சாம்பல் நிறத்தில். எண்ணைத் தொடங்குகிற இடத்தில் எழுதுங்கள், நடுவில் எழுதினால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. மூலையில் 2/5, 3/5 என்று போடுங்கள், ஏனென்றால் இதைச் சேமித்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அனுப்பும்போது வரிசை கலைந்துவிடும். கடைசிப் படத்தில் எண், அம்பு எல்லாம் போகட்டும், புள்ளி மட்டும் இருக்கட்டும். புள்ளியை அழித்துவிட்டு அழகு பார்க்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான், அப்புறம் சரிபார்ப்பது எதை வைத்து?

அளவும் ஒரு வரி எழுதலாம். ஐந்து புள்ளிக்கு நடுவே நாலு இடைவெளி, வெளிச்சுற்றுக்கு இரு பக்கமும் அரை அரை, ஆக ஐந்து இடைவெளி அகலம். நம்ம மும்பை பில்டிங் நடையில் இரண்டு அடி டைல் என்றால் நாலு அங்குல இடைவெளி வைத்தால் 20 அங்குலம், டைலுக்குள் அடங்கிவிடும், சொசைட்டிக்காரர் முணுமுணுக்க மாட்டார்.

“ஒரே இழையில் வராதா?” என்று ஒரு மாமி விடவில்லை. வரும் மாமி. இரண்டாம், நாலாம் வரிசைகளின் இரு ஓரத்திலும் இருக்கிற நாலு மூலைப் புள்ளிக்கும் இரண்டு இரண்டு பக்கத்துப் புள்ளி இருக்கிறதில்லையா, அதில் ஒன்றோடு மட்டும் வெட்டை எடுத்துவிட வேண்டும். மேல் வலது மூலைக்குக் கீழ்ப்பக்க வெட்டு, மேல் இடதுக்கு வலப்பக்கம், கீழ் இடதுக்கு மேல்பக்கம், கீழ் வலதுக்கு இடப்பக்கம். எடுத்த இடத்தில் இரண்டு இழையும் தாண்டாமல் அவரவர் புள்ளியைச் சுற்றித் திரும்பிவிடும். மிச்சம் 12 வெட்டு, எந்தப் புள்ளியிலிருந்தும் வெட்டு வழியாக நடந்தால் எந்தப் புள்ளிக்கும் போகலாம், ஆனால் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வழி கிடையாது. அப்படி இருந்தால் இழை ஒன்றேதான்.

இதற்குப் படம் போடும்போது மட்டும் நாலாகப் பிரிக்கலாம். கால் கால் பங்காக வெட்டினால் 1 முடிகிற இடத்தில் 2 தொடங்கும், நாலும் ஒரே துண்டைத் திருப்பி வைத்ததுதான். திருப்பி ஒட்டுகிறவர்களுக்கும் வேலை சுலபம், தரையில் போடுகிறவளுக்கும் கை எடுக்க வேண்டியதில்லை. பொடி கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், முதலில் மூன்று இழையைப் போட்டுப் பார்ப்போம்.