சீனியர் சொல்லித்தரும் பிபி: ஒரு பயிற்சித் திட்டத்தை அமைப்பதும் அளப்பதும்

[திரையில்: வார்டு. படுக்கையருகே நான்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள். ஒருவர் பிபி பார்க்கிறார்.]

வணக்கம். எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டில் முதன்முதலாக வார்டு போஸ்டிங்குக்கு வரும் மாணவருக்கு, இரத்த அழுத்தம் பார்ப்பது புதிய விஷயம் இல்லை. முதல் ஆண்டு உடலியங்கியல் ஆய்வகத்தில் பக்கத்து இருக்கை நண்பரின் கையில் கஃப் கட்டிப் பார்த்தவர்தான். ஆனால் அந்த நண்பருக்கு வயது பதினெட்டு. பிபி 110 அல்லது 120 என்றுதான் வரும் என்பது கேட்பதற்கு முன்பே தெரியும். காது சரியாகக் கேட்டதா, மனம் முன்கூட்டியே எண்ணைச் சொல்லிவிட்டதா என்று பிரித்துப் பார்க்க அங்கே வழியே இல்லை.

வார்டில் அறுபத்தைந்து வயது நோயாளி முன்னால் நிற்கும்போதுதான் அந்தக் குறை வெளியே வருகிறது. இந்த இடத்தில் இறுதி ஆண்டு சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும் என்று பல கல்லூரிகளில் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். இன்று அந்தத் திட்டத்தை பிபி என்ற ஒரே ஒரு திறனுக்கு அமைத்துப் பார்ப்போம். அது வேலை செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது அங்கேதான்.

[திரையில்: சீனியரும் ஜூனியரும் எதிரெதிரே]

பேராசிரியர் இருக்கும்போது சீனியர் எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. சீனியர் இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் தடுமாறியவர். எந்த இடத்தில் குழம்பும் என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது வருடமாக பிபி பார்ப்பவருக்கு அந்தக் குழப்பம் எப்போதோ மறந்துபோயிருக்கும். அடுத்து, பயம். "அண்ணா, எனக்குச் சத்தமே கேக்கல" என்று சீனியரிடம் சொல்லிவிடலாம். ரவுண்ட்ஸில் பேராசிரியர் கேட்டால் அதே மாணவர் "120/80 சார்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

ஆனால் இதே நெருக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சீனியர் தன் குறுக்குவழிகளையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்.

[திரையில்: கஃப், மணிக்கட்டு நாடியில் விரல்கள்]

இந்தப் படியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஸ்டெத்தஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால், மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு கஃபில் காற்றை ஏற்ற வேண்டும். நாடி எந்த எண்ணில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பிறகு அதைவிட 30 அதிகமாக ஏற்றிக் கேட்க வேண்டும். நெரிசலான வார்டில் பலரும் விட்டுவிடும் படி இதுதான். நேராக 150 வரை ஏற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான மேல் அழுத்தம் 180. சத்தம் 180-ல் தொடங்குகிறது, 165-ல் மறைந்துவிடுகிறது, 144-ல் மறுபடி கேட்கிறது. வயதான உயர் இரத்த அழுத்த நோயாளிகள் சிலருக்கு இப்படி இடையில் ஒரு மௌன இடைவெளி வரும். 150 வரை மட்டும் ஏற்றியவருக்கு முதல் சத்தம் 144-ல்தான் கேட்கும். கேஸ் ஷீட்டில் 144 என்று எழுதப்படும். கை சுத்தமாக வேலை செய்தது, காதும் சரியாகத்தான் கேட்டது, எண் மட்டும் 36 குறைந்துவிட்டது. நாடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் 180-ஐ ஒட்டியே பிடிபட்டிருக்கும்.

இந்தப் படியை விட்டுவிடும் ஒரு சீனியர் ஐந்து ஜூனியர்களுக்குச் சொல்லித்தந்தால், ஐந்து பேரும் விட்டுவிடுவார்கள். அதனால் சீனியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரையும் பிபி பார்க்கச் சொல்லி, ஆசிரியர் ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு நேரில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குத் தாங்கல், கை இதயத்தின் மட்டத்தில், கையின் சுற்றளவுக்கேற்ற கஃப், நாடி, நொடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்குவது. எல்லாம் சரியாக வந்த பிறகே அவர் சொல்லித்தரலாம். வராதவரை ஒதுக்க வேண்டாம். திருத்தி, மறுபடி செய்யச் சொல்லுங்கள். சீனியருக்கு இந்தத் திட்டத்தில் கிடைக்கும் முதல் லாபமே இதுதான்.

[திரையில்: நான்கு படிகள், ஒவ்வொன்றாக]

சரி, வகுப்பு எப்படி நடக்க வேண்டும்? ஒரு சீனியருக்கு ஐந்து ஜூனியர், ஒன்றரை மணி நேரம். சொல்லித்தர ரோட்னி பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவரின் நான்கு படி முறை போதும். முதலில் சீனியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுகிறார். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லிச் செய்கிறார். மூன்றாவதாக, ஜூனியர் சொல்லச் சொல்ல சீனியர் செய்கிறார். கடைசியில் ஜூனியரே சொல்லிக்கொண்டு செய்கிறார். மூன்றாவது படியை நேரமில்லை என்று தாண்டிவிடாதீர்கள். "நாடி பார்க்கணும்" என்று ஜூனியர் சொல்ல மறந்தால், கை தொடும் முன்பே அந்த ஓட்டை தெரிந்துவிடும்.

அப்புறம், இரட்டைக் காது ஸ்டெத்தஸ்கோப் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே குழாயிலிருந்து இருவர் கேட்கும் கருவி அது. சீனியரும் ஜூனியரும் ஒரே சமயத்தில் கேட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் எண்ணை எழுதிவிட்டு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் மறுபடி. நண்பர்களின் கையோடு நிறுத்திவிடாமல், ஸ்கில்ஸ் லேபில் செயற்கைக் கை இருந்தால் அதில் எண்ணை மாற்றி மாற்றி வையுங்கள். மௌன இடைவெளியை அமைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

சீனியருக்கு ஓர் எல்லையும் உண்டு. எப்படி அளப்பது என்று சொல்லித்தரலாம். இந்த நோயாளிக்கு மாத்திரை தேவையா என்ற பேச்சு அவருடையது இல்லை. "தெரியல, சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல அவருக்குப் பயிற்சி நாளிலேயே பழக்கிவிட வேண்டும். ஜூனியரின் இறுதி மதிப்பெண்ணும் அவர் கைக்குப் போகக் கூடாது. மதிப்பெண் போட ஆரம்பித்த அன்றே அந்த "எனக்குக் கேக்கல அண்ணா" நின்றுபோகும்.

[திரையில்: கருத்துப் படிவம், ஐந்து நட்சத்திரங்கள்]

இனி மதிப்பீடு. வழக்கமாக நடப்பது, வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்துப் பிடித்ததா என்று கேட்பது. எல்லோரும் பிடித்தது என்பார்கள். அன்பாகச் சொல்லித்தந்த அக்காவுக்கு யார் குறைத்துப் போடுவார்கள்? அந்தப் படிவம் வகுப்பின் சூழலைத்தான் சொல்லும். பிபி பார்க்கத் தெரிந்ததா என்று சொல்லாது.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சீனியர் வகுப்புக்குப் போனவர்களை எதுவுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், ஒன்றரை மணி நேரக் கூடுதல் பயிற்சி உதவும் என்று மட்டும்தான் நிரூபிக்கலாம். சீனியர் என்பதால் உதவியதா என்பது தெரியாது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே ஒன்றரை மணி நேரம், அதே கருவிகள், ஆனால் ஆசிரியர் சொல்லித்தருவதாக இருக்க வேண்டும்.

100 ஜூனியர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். விருப்பப்பட்டவர்களை மட்டும் சீனியரிடம் அனுப்பினால், ஆர்வமுள்ளவர்கள் அங்கே குவிந்துவிடுவார்கள். 50 பேர் பத்து சீனியர்களிடம், 50 பேர் ஆசிரியர்களிடம், அதே போல ஐந்து ஐந்து பேராக. சீனியர் குழு எவ்வளவு குறைந்தால்கூட ஏற்றுக்கொள்வோம் என்பதையும் தேர்வுக்கு முன்பே எழுதி வையுங்கள். 20 மதிப்பெண் பட்டியலில் 2 வரை என்று, உதாரணமாக. முடிவைப் பார்த்த பிறகு இந்த எல்லையை நிர்ணயிப்பது நேர்மையாகாது.

[திரையில்: 1 + (5 − 1) × 0.1 = 1.4, 50 ÷ 1.4 ≈ 36]

இங்கே ஒரு கணக்கு நுட்பம். ஒரே சீனியரிடம் படித்த ஐந்து பேர் ஒருவரைப் போலவே ஒருவர் செய்வார்கள். அந்த ஒற்றுமையின் அளவு 0.1 என்று எடுத்துக்கொண்டால், 50 பேரின் முடிவு சுமார் 36 தனித்தனி மாணவர்களின் முடிவுக்குத்தான் சமம். இதைக் கவனிக்காமல் 50 என்றே கணக்குப் போட்டால், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தோன்றிவிடலாம்.

தேர்வு, ஓஸ்கி முறையில். 1975-ல் ரொனால்ட் ஹார்டன் அறிமுகம் செய்த முறை அது: ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே பட்டியல். மாணவர் எந்தக் குழு என்பது தேர்வாளருக்குத் தெரியக் கூடாது. சீனியர்கள் தேர்வாளராக இருக்கக் கூடாது. வகுப்பு முடிந்த வாரமும், எட்டு வாரம் கழித்தும் என இரண்டு முறை வையுங்கள். முதல் தேர்வில் எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு எந்தப் படி உதிர்ந்துபோனது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு படியையும் சீனியர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பத்து குழுக்களிலும் நாடி பார்ப்பது விடுபட்டிருந்தால், கோளாறு வகுப்பின் அமைப்பில். ஒரே ஒரு சீனியரின் ஐந்து பேர் மட்டும் விட்டிருந்தால், அந்தச் சீனியரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

[திரையில்: எண்களின் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற பட்டை வரைபடம்]

பட்டியலால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. எல்லாப் படிகளையும் அழகாகச் செய்துவிட்டு, எண்ணை மட்டும் உத்தேசமாகச் சொல்வது. அதைப் பிடிக்க எளிய வழி, கடைசி இலக்கம். கருவியின் கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. உண்மையாக வாசித்தால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறத்தாழ சமமாக வர வேண்டும். ஐம்பது பேர் வார்டில் ஆளுக்கு நான்கு நோயாளிகளுக்குப் பார்த்தால் 200 எண்கள் கிடைக்கும். அவற்றில் சுமார் 40 பூஜ்யத்தில் முடியலாம். 110, 120, 130 என்றே 100 எண்கள் வந்திருந்தால், முழு எண்ணாக்கிச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 5-ல் முடியும் எண் இருந்தால் இன்னும் தெளிவு, அந்தக் கோடே கருவியில் கிடையாது.

விவரம் தெரிந்த மாணவர் 118 என்று உத்தேசமாகவும் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். அதனால் அந்த 200-ல் ஒரு பகுதியை, நோயாளியின் சம்மதத்தோடு, ஆசிரியர் இரட்டைக் காது ஸ்டெத்தஸ்கோப்பில் கூடவே கேட்டு ஒப்பிட வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு ஆள் தேவை, நேரம் தேவை. ஆனால் பயிற்சி வகுப்பறையைத் தாண்டி வார்டு வரை போனதா என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. எல்லாவற்றையும் செய்ய முடியாத கல்லூரி, கருத்துப் படிவத்தை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளட்டும் என்பேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு குழுவினரும் ஒரே விடுதியில் இருப்பவர்கள். இரவில் ஒருவருக்கொருவர் சொல்லித்தருவார்கள், சொல்லித்தரவும் வேண்டும். அதனால் எட்டு வாரத் தேர்வில் வித்தியாசம் சுருங்கிப்போகும். வித்தியாசம் இல்லை என்று அப்போது வந்தால், அது சீனியர் ஆசிரியருக்குச் சமம் என்பதாலா, கலந்துவிட்டதாலா என்று பிரிக்க முடியாது. வகுப்பு முடிந்த வாரத்தின் முடிவு அதற்கு முன்பே கையில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் வாரத்திலேயே நீங்கள் எழுதிவைத்த எல்லைக்குள் சீனியர் குழு இருந்தால், அடுத்த ஆண்டு பிபி வகுப்பைத் தைரியமாகச் சீனியர்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் ஆசிரியர் நேரத்தை வார்டில் அந்த இரட்டைக் காது ஒப்பீட்டுக்குத் திருப்பிவிடலாம். எல்லைக்கு வெளியே போயிருந்தால், படிவாரிப் பட்டியலை எடுத்து எந்தப் படியில் விழுந்தது என்று பாருங்கள். திருத்த வேண்டியது சீனியர்களின் பயிற்சி நாளையா, அந்த ஒன்றரை மணி நேரத்தையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.