கொஞ்சம் சாப்பிட்டாலும் ஏன் வயிறு நிரம்பிக் கிடக்கிறது?
(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "காலையிலே ரெண்டு பிடி புட்டுத்தான் சாப்பிட்டன் டொக்டர், பொழுதுபட்டும் பசியில்லை" என்று சொல்லி வருபவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வீட்டில் இதற்கு வாய்வு என்று பெயர் வைத்து, ஓமத் தண்ணீர் கொடுத்து விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாத ஒரு நிலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்: இரைப்பை மெதுவாக வெறுமையாவது.

முதலில் இரைப்பை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். சாப்பாடு வந்ததும் அதன் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பகுதியோ நிமிடத்துக்கு மூன்று தடவை அலையலையாகச் சுருங்கி, சாப்பாட்டை அரைக்கும். வெளிவாசலில் இருக்கும் தசை வளையம் ஓர் அரிதட்டு மாதிரி. 1 அல்லது 2 மில்லிமீற்றர் அளவுக்கு நொறுங்கியதைத்தான் சிறுகுடலுக்கு விடும். பெரிய துண்டுகளை மறுபடி அரைக்கத் திருப்பி அனுப்பும். தண்ணீருக்கும் சொதிக்கும் இந்த அரைப்புத் தேவையில்லை, அவை முன்னதாகவே போய்விடும்.

இந்தச் சுருக்கத்தை நடத்துவது வேகஸ் நரம்பும், இரைப்பைச் சுவருக்குள்ளேயே தாளம் போடும் சில கலங்களும். பல வருடம் கட்டுப்படாத நீரிழிவு இரண்டையும் பழுதாக்கும். அப்போது அரைப்பு பலவீனமாகிவிடும். உள்ளே போனது கொஞ்சமாக இருந்தாலும் அங்கேயே கிடந்து சுவரை இழுத்துப் பிடிக்கும். "நிரம்பிவிட்டது" என்ற செய்தி மூளைக்கு மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கும்.

இருபது வருடமாக நீரிழிவு உள்ள, இன்சுலின் போடுகிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுவோம். அவர் சொன்னதையெல்லாம் கேட்டு நடப்பவர். காலையில் குரக்கன் புட்டும், முருங்கையிலைச் சுண்டலும், தேங்காய்ப்பூ நிறையப் போட்ட சம்பலும். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று எல்லோரும் சொல்லும் சாப்பாடுதான். ஆனால் நார் அரைபடுவது கடினம். கொழுப்போ இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். ஆகவே அந்தப் புட்டு மதியம் வரை வயிற்றிலேயே நிற்கிறது.

சாப்பிட முன் போட்ட இன்சுலினோ நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். சாப்பாடு இன்னும் குடலுக்கு வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் அம்மாவுக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது: சீனி இறங்கிவிட்டது. பின்னேரம் புட்டு மெல்ல மெல்லக் குடலுக்கு இறங்கும்போது சீனி ஏறிவிடுகிறது. வீட்டில் "அம்மா களவாய் ஏதோ சாப்பிடுறா" என்று சந்தேகப்படுகிறார்கள். பாவம், அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஏறிய சீனியே இரைப்பையை மேலும் மந்தமாக்கும்.

இப்படிச் சீனி இறங்கும் நேரத்தில் பிஸ்கற் கொடுக்காதீர்கள். அதுவும் வயிற்றில் போய் வரிசையில் நிற்கும். குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இன்சுலின் போடும் நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். கிளினிக்கில் இந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் சாப்பிட்ட கீரை இரவுச் சத்தியில் அப்படியே வந்தால் அது பெரிய அடையாளம். ஆனால் வாசலில் புண்ணின் தழும்போ புற்றுநோயோ அடைத்திருந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். அதனால் முதலில் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அவசியம். பிறகு, மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டையைச் சாப்பிடக் கொடுத்து, நான்கு மணித்தியாலத்துக்குப் பின் படமெடுப்பார்கள். 10 வீதத்துக்கு மேல் வயிற்றில் மிஞ்சியிருந்தால் இரைப்பை மந்தம்தான். சிலருக்குச் சோதனையில் ஒன்றும் இராது. ஆனாலும் வயிறு நிரம்பினதுபோல இருக்கும். அவர்களுக்கு மேற்பகுதி சரியாகத் தளர்வதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அது வேறு வருத்தம், பொய் அல்ல.

குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ட்ரமடோல் போன்ற நோ மருந்துகளும், நீரிழிவுக்கும் உடல் மெலியவும் போடும் செமகுளூட்டைட் ஊசியும் இரைப்பையை மெதுவாக்கும். சில வேளை மருந்தை மாற்றினாலே பாதி வருத்தம் போய்விடும்.

பேச்சு முடிந்ததும் ஓர் அக்கா எழும்பி, "அப்ப குரக்கனை விடச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சோதனையில் இரைப்பை மந்தம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த மாற்றம். அவர்கள் புட்டாகச் சாப்பிடாமல், நன்றாக அரித்த மாவில் நீர்த்தன்மையாகக் கஞ்சி காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை குடிக்கலாம். கீரையை விடுங்கள், பூசணிக்காயைக் குழைய அவித்து மசியுங்கள். மீனை அவித்து உதிர்த்துச் சாப்பிடலாம். ஒன்று கவனியுங்கள்: கஞ்சி புட்டைவிடக் கெதியாகச் சீனியை ஏற்றும். ஆகவே மாற்றிய முதல் கிழமை, சாப்பிட முன்னும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் விரலில் குத்திப் பார்த்து, அந்தக் கணக்கை எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.