40 அடியிலிருந்து இரண்டே புட்

(காட்சி: கோலாலம்பூரில் ஒரு கோல்ஃப் மைதானம், காலை ஏழரை மணி. பயிற்சி கிரீனில் பனி ஈரம் இன்னும் காயவில்லை.)

வணக்கம். குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனில், பந்தைக் குழிக்கு உருட்டி அடிப்பதுதான் புட். நீளமான புட் இரண்டில் முடியாமல் மூன்றாகிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை அல்ல, தூரம்தான். 40 அடியிலிருந்து அடிக்கும்போது பந்து பக்கவாட்டில் 8 அடி விலகுவது அரிது. 8 அடி முன்னாலேயே நின்றுவிடுவதும் 8 அடி தாண்டி ஓடுவதும் அடிக்கடி நடக்கும். மிச்சம் 8 அடி இருந்தால், தொழில்முறை வீரர்களே ஏறக்குறைய பாதிதான் குழியில் போடுகிறார்கள்.

அதனால் ஆட்டம் தொடங்கும் முன் ஒரே ஓர் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். சமதளத்தில், புட் அடிக்கும் மட்டையான புட்டரைப் பந்துக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் இழுத்து, வழக்கமான வேகத்தில் ஆட்டி, மூன்று பந்து அடியுங்கள். பிறகு பந்து ஓடிய தூரத்தை எட்டு வைத்து நடந்து அளந்து பாருங்கள். இன்று எனக்கு 7 எட்டு வந்தது. என் ஓர் எட்டு ஏறக்குறைய 3 அடி.

(காட்சி: நண்பர் புட்டரோடு நிற்கிறார்.)

"தம்பி, 14 எட்டு போகணும்னா எவ்வளவு இழுப்பீங்க?"

"இரண்டு மடங்குதானே அண்ணே, 40."

அடித்தார். பந்து குழியைத் தாண்டி, கிரீனை விட்டே ஓடிவிட்டது.

இங்கேதான் பலர் தவறுகிறோம். ஆட்டும் தாளம் மாறாமல் இரண்டு மடங்கு இழுத்தால், பந்தின் வேகம் இரண்டு மடங்காகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் தூரம் நான்கு மடங்கு. மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடிக்கும்போதும் இதே கணக்குதான். ஆகவே 14 எட்டுக்கு 28 சென்டிமீட்டர் போதும். ஆனால் தாளம் மாறக்கூடாது. இழுக்கும்போது 'ஒன்று', பந்தைத் தொடும்போது 'இரண்டு' என்று மனத்துக்குள் எண்ணுங்கள். 'இரண்டு' முந்திக்கொண்டு வந்தால் கை வெட்டியிருக்கிறது, பந்து அதிகமாகவே ஓடும்.

(காட்சி: முதல் குழியின் கிரீன். பக்கவாட்டிலிருந்து மேடு தெரிகிறது.)

சரி, மேடு இருந்தால்? ஓரளவு வேகமான கிரீனில், ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி கூட்டுங்கள்; இறக்கமென்றால் குறைத்துக்கொள்ளுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் உயரம் சரியாகத் தெரியாது. பாதித் தூரத்தில், பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள்.

நண்பருக்கு முன்னால் 14 எட்டு, ஏற்றம் 6 அங்குலம். 42 அடியோடு 6 அடி சேர்ந்தால் 48, அதாவது 16 எட்டு. அதற்கு 30 சென்டிமீட்டர்.

வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் அதே 20 சென்டிமீட்டர் 7 எட்டைத் தாண்டும். மதியம் மழை பெய்தால் மறுபடி குறையும். பந்துகள் தொடர்ந்து முன்னாலேயே நின்றாலோ, தொடர்ந்து தாண்டி ஓடினாலோ, காலையில் எடுத்த அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

நண்பர் 30 இழுத்து அடித்தார். பந்து குழிக்கு இரண்டு சாண் முன்னால் நின்றது. அதைத் தட்டிவிட்டு அடுத்த குழிக்கு நடந்தோம்.