நூறு பாகம் ஆழத்தில் ஒரு இழுப்பு

நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட புத்தகம் ‘கடலும் கிழவனும்’. எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதி 1952இல் வெளிவந்த குறுநாவல். தமிழிலும் கிடைக்கிறது. ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். உங்களில் சிலருக்கு முடிவு தெரிந்திருக்கும். தெரியாதவர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியூபாவில், ஹவானாவுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். சந்தியாகோ என்ற கிழவருக்கு 84 நாளாக ஒரு மீனும் படவில்லை. முதல் 40 நாள் மனோலின் என்ற பையன் கூடப் போனான். கிழவருக்கு நேரம் சரியில்லை என்று பெற்றவர்கள் அவனை வேறு படகில் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் அவன் மாலையானால் கரைக்கு வந்து கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே நடக்கிறான்.

“சாப்பிட என்ன இருக்கிறது?” என்று பையன் கேட்பான். மஞ்சள் சோறும் மீனும் இருக்கிறது என்பார் கிழவர். வீச்சுவலையை எடுத்துக்கொள்ளட்டுமா என்பான். தாராளமாக எடுத்துக்கொள் என்பார். வீட்டில் சோறும் கிடையாது, வலையும் கிடையாது. வலையை விற்றது எப்போது என்று பையனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் தினமும் இதே பேச்சு. இல்லாததை இல்லை என்று சொல்லவிடாமல் அந்தப் பையன் கிழவரின் மானத்தைக் காக்கிறான். இந்த இரண்டு பேரையும் இந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் கடலில் கிழவர், “பையன் இருந்தால் நன்றாயிருக்குமே” என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது நமக்கும் வலிக்கிறது.

சரி, 85ஆம் நாளுக்கு வருவோம். விடியும் முன்பே தனியாகத் துடுப்புப் போட்டு வெகுதூரம் போகிறார். நான்கு தூண்டில் கயிறுகளை 40, 75, 100, 125 பாகம் ஆழங்களில் இறக்குகிறார். ஒரு பாகம் ஆறு அடி. ஒவ்வொரு கயிறும் ஒரு பச்சைக் குச்சியில் சுற்றியிருக்கும். கீழே மீன் தொட்டால் மேலே குச்சி சாயும். 100 பாகத்துக் குச்சிதான் சாய்கிறது. கயிற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்லப் பிடித்துக்கொள்கிறார். அறுநூறு அடிக்குக் கீழே மீன், கொக்கியை மூடியிருக்கும் மத்தி மீன்களைக் கொறிப்பது விரலில் தெரிகிறது. நின்றுபோகிறது. மறுபடி தெரிகிறது. நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறோம்.

கொக்கி மாட்டுகிறது. ஆனால் மீன் மேலே வரவில்லை. படகையே இழுத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிறது. அது மார்லின், நம் கரையில் தளப்பத்து என்கிறார்களே, அதற்கு உறவு.

கயிற்றைப் படகில் கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன். கட்ட முடியாது. இறுக்கிக் கட்டினால் மீன் ஒரு வெட்டு வெட்டும்போது கயிறு அறுந்துவிடும். அது இழுக்கும்போது விட்டுக்கொடுக்கவும், தளரும்போது பிடிக்கவும் நடுவில் ஒரு உடம்பு வேண்டும். அதனால் கயிற்றை முதுகில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நிற்கிறார். கை அறுபடுகிறது. இடது கை மரத்து, கொக்கி மாதிரி மடங்கிக்கொள்கிறது. தன் கையையே அவர் திட்டுகிறார். அதற்குத் தெம்பு வரட்டும் என்று சூரை மீனைப் பச்சையாக, உப்போ எலுமிச்சையோ இல்லாமல் மென்று விழுங்குகிறார். இந்தப் பக்கங்களில் ஹெமிங்வே உணர்ச்சியைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. கயிறு எங்கே அழுத்துகிறது, சாக்கை எப்படி அடியில் கொடுத்தார், தண்ணீர்ப் புட்டியில் எவ்வளவு மிச்சம், இதை மட்டும் எழுதுகிறார். பயமும் அசதியும் தானாகவே நமக்கு வந்துசேர்கின்றன.

மீனை அவர் பார்ப்பது மறுநாள்தான். அது தண்ணீரைவிட்டு எழும்பும்போது படகைவிட இரண்டடி நீளம். அதன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதைச் சகோதரன் என்கிறார், கொல்வேன் என்றும் சொல்கிறார். இரண்டையும் மனதாரத்தான் சொல்கிறார். மீன் ஜெயிக்கவேண்டும் என்று நான் சில பக்கங்களில் விரும்பினேன், அடுத்த பக்கத்தில் கிழவர் ஜெயிக்கவேண்டும் என்று விரும்பினேன்.

ஒரு இடத்தில் நமக்குக் கொஞ்சம் தடங்கும். அவர் அடிக்கடி பேஸ்பால் ஆட்டக்காரர் டிமாஜியோவை நினைத்துக்கொள்வார். ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. டிமாஜியோ ஒரு மீனவரின் மகன், குதிகால் வலியோடு ஆடியவர் என்பது தெரிந்தால் போதும். நானாயிருந்தால் அவரைப்போல் தாங்குவேனா என்றுதான் கிழவர் தன்னைக் கேட்டுக்கொள்கிறார்.

வாங்கினால் பின்னட்டையைப் படித்துவிடாதீர்கள், சில பதிப்புகளில் கதை முழுதும் அங்கேயே இருக்கிறது. கிழவர் கடலுக்கு வந்தபின் மூன்றாவது முறையாகச் சூரியன் எழுகிறது. அதுவரை நேராக இழுத்துக்கொண்டிருந்த மீன், மெல்ல வட்டமிடத் தொடங்குகிறது. கிழவர் கயிற்றை அங்குலம் அங்குலமாக உள்ளே வாங்குகிறார். இன்னும் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன. நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.