தங்கத்தோடு ஒட்டி நிற்கும் யூனிட்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் என் அக்கா மகன் செல்போனை நீட்டி ஒரு கேள்வி கேட்டான். “மாமா, தங்க ஈடிஎஃப் யூனிட்டைப் பங்குச் சந்தையில யாரோ விக்கிறாங்க, யாரோ வாங்குறாங்க. தங்கத்தை யாருமே தொடலை. அப்புறம் எப்படி இதோட விலை தங்க விலையை விட்டு விலகாம ஓடுது?”

நல்ல கேள்வி. தங்கத்தைத் தொடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை மார்க்கெட் மேக்கர் என்பார்கள். பெட்டகத்தில் தங்கத்தை வைத்துக்கொண்டு இந்த ஈடிஎஃப் யூனிட்டை வெளியிடுகிற ஃபண்டிடம் போய்ப் புது யூனிட் உருவாக்கவும், இருப்பதைக் கொடுத்துவிட்டுத் தங்கம் வாங்கவும் அவருக்கு வழி உண்டு. ஆனால் சில்லறையாக முடியாது, மொத்தமாகத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் 0.01 கிராம் தங்கம். கிராம் விலை 12,000 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டின் மதிப்பு 120. தீபாவளி நேரம், எல்லோரும் வாங்க வர, சந்தையில் யூனிட் 121 ரூபாய் 50 காசுக்கு ஏறிவிடுகிறது. உடனே நம்ம ஆள் 99.5 சதவீதச் சுத்தமுள்ள ஒரு கிலோ கட்டியை 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கி ஃபண்டின் பெட்டகத்தில் சேர்க்கிறார். ஃபண்ட் 1 லட்சம் புது யூனிட்டை அவருடைய டீமேட் கணக்கில் போடுகிறது. அதைச் சந்தையில் விற்றால் 1 கோடியே 21 லட்சத்து 50 ஆயிரம். செலவு போக மிச்சம் அவருக்கு. இப்படி விற்க விற்க, விலை 120 பக்கம் இறங்கிவிடுகிறது.

விலை 118 ரூபாய் 80 காசுக்கு விழுந்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும். 1 லட்சம் யூனிட்டைச் சந்தையில் மலிவாகச் சேர்த்து ஃபண்டிடம் கொடுப்பார். ஃபண்ட் அவற்றை ரத்து செய்துவிட்டுக் கட்டியைக் கொடுக்கும். அவர் வாங்கியதால் விலையும் ஏறியிருக்கும். தரகு, வண்டிக் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆகும் செலவைவிட இடைவெளி குறைவாக இருந்தால் மட்டும் அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். திரையில் நாம் பார்க்கும் சில காசு வித்தியாசம் அதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். நிர்வாகச் செலவுக்காக ஃபண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்தை விற்கும். அதனால் பத்து வருடம் போனால் யூனிட்டுக்குப் பின்னால் 0.01 கிராம் முழுசாக இருக்காது.

சரி, அந்த ஆளுக்குக் கட்டியே கிடைக்காவிட்டால்? 2025 அக்டோபரில் வெள்ளியில் அதுதான் நடந்தது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு, புது யூனிட் வேண்டிய அளவுக்கு வரவில்லை. வெள்ளி ஈடிஎஃப்கள் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட எக்கச்சக்கமாக ஏறி நின்றன.

எனக்கும் ஒரு சூடு உண்டு. அதிகம் கைமாறாத ஒரு தங்க ஈடிஎஃப்பில், காலையில் சந்தை திறந்ததுமே “மார்க்கெட் விலைக்கு வாங்கு” என்று அழுத்திவிட்டேன். அப்போது விற்க நின்றவர்களே இரண்டு மூன்று பேர். தங்கத்தின் மதிப்பைவிட மூன்று சதவீதம் கூடக் கொடுத்திருந்தேன். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று ஓர் எண் ஓடும். உள்ளே இருக்கும் தங்கத்தின் அந்த நேரத்து மதிப்பு அது. இப்போதெல்லாம் அதைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் ஒரு விலையை நானே குறித்துத்தான் ஆர்டர் போடுகிறேன்.